பம்ப் எந்த ஊருக்கு?

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில் அந்தத் தண்ணீர்ப் பம்ப் கம்பனியின் விற்பனைக் காரியாலயம் இருந்தது. தொழிற்சாலை நகருக்கு வெளியே. இங்கே மேல்மாடியில் கணக்குப் பகுதி, கீழே உதிரிப்பாகக் களஞ்சியம், இரண்டுக்கும் இடையில் படிக்கட்டோரமாக ஒரு மேசையும் இரண்டு தொலைபேசிகளும். 2016 அளவில் நான் அங்கே போனது ஒரேயொரு வேலைக்கு. வாடிக்கையாளர் ஊர்ப் பெயரைக் கொடுத்தால், அந்த ஊருக்குக் கிட்டிய அங்கீகாரம் பெற்ற டீலர் யார் என்று காட்டும் ஒரு தேடல் கருவியைச் செய்து கொடுக்கவேண்டும்.

அதற்கு முதல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் படிக்கட்டோர மேசையில் இருந்த அக்காதான். மூன்று மொழியிலும் பதில் சொல்லுவார். டீலர்களின் பட்டியல் அவரிடம் கடதாசியில் இருந்தது. ஆனால் அதைப் புரட்டி நான் கண்டது குறைவு. பட்டியல் வேறு வழிகளிலும் வெளியே போனது. ரெயின்போ பேஜஸில் விளம்பரம் இருந்தது. பெருநாட்களை ஒட்டிப் பத்திரிகையில் மாவட்டம் மாவட்டமாக டீலர் பெயர்கள் அச்சாகும். வீரகேசரிக் காரியாலயம் கிராண்ட்பாஸ் வீதியில், நடந்துபோகும் தூரம்தான் என்பதால் விளம்பரத் தாளைப் பையன் ஒருவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். அச்சான அடுத்த மாதமே பட்டியலில் யாராவது ஒரு டீலர் விலகியிருப்பார். அதற்கு மருந்து அடுத்த விளம்பரம்தான்.

டீலர் யார் என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பழைய சோனகத் தெருவில் எந்த ஹார்ட்வெயார் கடையில் ஏறினாலும் அந்தக் கம்பனியின் பம்ப் கிடைக்கும், விலையும் கொஞ்சம் குறையும். களஞ்சியத்தில் இருந்தவர் விளக்கினார். பம்ப் பழுதாவது பெரும்பாலும் மூன்று இடத்தில்: தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் பிடிக்கும் சீல், மோட்டாரைத் தொடக்கிவிடும் கெப்பாசிட்டர், தண்ணீர் இல்லாமல் ஓடி உருகிப்போகும் இம்பெல்லர். உத்தரவாத அட்டையில் டீலரின் முத்திரையும் திகதியும் இருந்தால் அந்த டீலரே இவற்றை மாற்றிக் கொடுப்பார், செலவைக் கம்பனியிடம் எடுத்துக்கொள்வார். முத்திரை இல்லாத பம்பை எவரும் கைநீட்டி வாங்கமாட்டார்கள். வாங்கிய இடத்துக்குத்தான் பழுதும் போகவேண்டும். ஆகவே டீலர் கடை பம்ப் பூட்டப்படும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதே வாடிக்கையாளருக்கு நல்லது.

அந்தக் கடைசி வசனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெள்ளவத்தையில் விளங்கியது. நான் அப்போது ஹம்டன் லேனில் ஒரு வீட்டின் மேலறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அன்ரிக்கு நெல்லியடியில் தாய்வீடு. அங்கே கிணற்றுக்குப் பம்ப் மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கருவியின் முதல் வடிவத்தை அவருடைய போனில் போட்டுக் காட்டினேன். ‘என் இருப்பிடத்துக்குக் கிட்டிய டீலர்’ என்று ஒரு பொத்தான், கூகுள் மேப்ஸ் பழகியவர்கள் எதிர்பார்ப்பது போல. அழுத்தினார். காலி வீதியில், அவருடைய வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கடையைக் காட்டியது.

“இதை வைச்சு நான் என்ன செய்யிறது, தம்பி? பம்ப் கிணத்தடியில எல்லோ நிக்கப்போகுது?”

வெள்ளவத்தையில் பாதிப்பேர் இப்படித்தான். உடம்பு இங்கே, வீடும் வளவும் வடக்கிலோ கிழக்கிலோ. கடலோரத் தொடர்மாடிகளில் இருந்துகொண்டு ஊரில் இருக்கிற தாய் தகப்பனுக்குப் பொருள் வாங்குகிறவர்கள், ரொறன்ரோவில் இருந்துகொண்டு கொக்குவிலில் கட்டும் வீட்டுக்கு விலை கேட்கிறவர்கள், எல்லாருடைய போனும் அவர்கள் நிற்கும் இடத்தைத்தான் சொல்லும். மேசை அக்கா இதைத் தொலைபேசியில் எப்போதோ கண்டுபிடித்திருந்தார். அழைப்பவர் பெயரைச் சொல்லத் தொடங்க முன்னரே அவருடைய முதல் கேள்வி “பம்ப் எந்த ஊருக்கு?” என்பதுதான். “நீங்கள் எங்கே இருக்கிறீங்கள்?” என்று அவர் கேட்டு நான் கேட்கவில்லை. இருப்பிடப் பொத்தானைக் கீழே ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டு, மேலே ஒரே ஒரு பெட்டி வைத்தேன். அதன் மேல் அக்காவின் கேள்வியை அப்படியே எழுதினேன்.

விற்பனை மனேஜருக்கு வேறு யோசனை இருந்தது. மாகாணத்தைத் தெரிவுசெய், பிறகு மாவட்டம், பிறகு நகரம் என்று மூன்று படிகளில் இறங்கும் பட்டியல். கம்பனிக்குள் எல்லாக் கணக்கும் 25 மாவட்டமாகத்தான் பிரிந்திருந்தது, அவருக்கு அது இயல்பு. களுவாஞ்சிக்குடியை எடுத்துக் காட்டினேன். அது மட்டக்களப்பு மாவட்டம். அங்கிருந்து தெற்கே சுமார் 13 கிலோமீற்றரில் கல்முனை, ஆனால் கல்முனை அம்பாறை மாவட்டம். மட்டக்களப்பு நகரம் வடக்கே ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம். மாவட்டப் பட்டியலில் இறங்குகிற களுவாஞ்சிக்குடிக்காரருக்குக் கல்முனைக் கடை கண்ணிலேயே படாது. மனேஜர் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, “அது சரி” என்றார். மாவட்டம் அத்தோடு போயிற்று.

ஊர்ப் பெயரைத் தட்டச்சுச் செய்யும் பெட்டி வைப்பது எளிது. இந்த நாட்டில் ஊர்ப் பெயரைப் புரிந்துகொள்ளும் பெட்டி வைப்பதுதான் வேலை. மேலைநாடுகளில் இந்த மாதிரிக் கருவிகள் தபால் குறியீட்டு எண்ணில் நிற்கின்றன. எண்ணுக்கு எழுத்துப்பிழை இல்லை, மூன்று மொழி இல்லை. எங்களுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. யாழ்ப்பாணத்துக்கு 40000, மட்டக்களப்புக்கு 30000. ஆனால் தன் ஊரின் எண்ணைச் சொல்லக்கூடியவரைக் காண்பது அரிது. கொழும்புக்காரர் மட்டும் ‘கொழும்பு 6’, ‘கொழும்பு 13’ என்று வலய எண்ணை வாயில் வைத்திருப்பார்கள். அதுவும் பெயரோடு கலந்து வரும்.

ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அடையாளம், அதற்குக் கீழே அந்த ஊரை மக்கள் எழுதக்கூடிய எல்லா வடிவங்களும் என்று ஓர் அட்டவணை செய்தோம். வெள்ளவத்தைக்கு அது இப்படி இருந்தது:

```
COL06  Wellawatte
COL06  Wellawatta
COL06  Vellavathai
COL06  Colombo 6
COL06  00600
COL06  வெள்ளவத்தை
COL06  වැල්ලවත්ත
```

வெள்ளவத்தை பரவாயில்லை, மூன்று மொழியிலும் ஒலி ஒன்றுதான். சில ஊர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆங்கிலத்தில் பொயின்ற் பீட்ரோ என்கிற ஊர் எங்களுக்குப் பருத்தித்துறை, மவுண்ட் லவினியா எங்களுக்குக் கல்கிசை, கேய்ற்ஸ் ஊர்காவற்றுறை, நிகம்பு நீர்கொழும்பு, சிங்களத்தில் மீகமுவ. எந்த எழுத்து விதியும் ஒன்றிலிருந்து மற்றதை உண்டாக்கித் தராது. கையால் எழுதத்தான் வேண்டும். தபாற் கந்தோர்களின் பெயர்ப் பட்டியலை அடித்தளமாக வைத்துக்கொண்டு, மேசை அக்கா, களஞ்சியக்காரர், தெற்குப் பக்கம் திரிகிற சிங்கள விற்பனைப் பிரதிநிதி மூவரையும் பக்கத்தில் இருத்தி ஊர் ஊராகக் கேட்டு எழுதினேன். பிரதிநிதி என்னை “மல்லி, மல்லி” என்று கூப்பிட்டுக்கொண்டு, வரைபடத்தில் இல்லாத சந்திப் பெயர்களை எல்லாம் சொல்லுவார். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயரே மக்களுக்குத் தெரிந்த பெயர் என்பது அவருடைய கொள்கை. அது நல்ல கொள்கை.

இவ்வளவு பாடுபடாமல், எழுத்துப்பிழையைத் தானே சரிசெய்யும் வழிமுறை ஒன்றைப் போட்டுவிடலாமே என்று என்னோடு வேலை செய்த நண்பன் கேட்டான். அவன் சொன்னது லெவன்ஷ்டைன் தூரம்: ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கை. குறைந்த எண்ணிக்கை உள்ள ஊரே கேட்ட ஊர் என்று வைத்துக்கொள்வது. இதைச் சோதிக்க வெள்ளவத்தையே போதும். தமிழர் ஒருவர் ஆங்கில எழுத்தில் Vellavathai என்று எழுதுகிறார். அதை Wellawatte ஆக்க ஐந்து மாற்றம்: இரண்டு v-யும் w ஆகவேண்டும், h ஒரு t ஆகவேண்டும், a ஓர் e ஆகவேண்டும், கடைசி i போகவேண்டும். இப்போது மொனராகலை மாவட்டத்து வெல்லவாயவைப் பார்ப்போம், ஆங்கிலத்தில் Wellawaya. Vellavathai-யை அதுவாக்கவும் ஐந்து மாற்றம்தான்: இரண்டு w, t இருந்த இடத்தில் y, h-உம் கடைசி i-யும் போகவேண்டும். ஐந்துக்கு ஐந்து. கணினிக்கு இரண்டும் ஒரே தூரம். நிலத்தில் இரண்டுக்கும் இடையே நேர்கோட்டிலேயே 130 கிலோமீற்றருக்கு மேல்.

அதற்காக அந்த வழிமுறையை முற்றாகத் தள்ளிவிடவில்லை. அட்டவணையில் இருக்கும் வடிவத்திலிருந்து ஓர் எழுத்து விலகினால் ஏற்றுக்கொள்ளும், அதற்கு மேல் விலகினால் தானாக முடிவெடுக்காமல் “இவற்றில் எது?” என்று மாவட்டப் பெயரோடு இரண்டு மூன்று ஊரைக் காட்டும். இதே கேள்வி சரியாக எழுதப்பட்ட பெயர்களுக்கும் தேவைப்பட்டது. புதுக்குடியிருப்பு என்றால் முல்லைத்தீவிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. மாதம்பை என்றால் சிலாபத்துக்குப் பக்கத்திலும் உண்டு, இரத்தினபுரி மாவட்டத்திலும் உண்டு. இங்கே கணினி புத்திசாலித்தனம் காட்டக்கூடாது, கேட்கவேண்டும்.

தமிழ் எழுத்தில் தேடுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல் காத்திருந்தது. சில டீலர்கள், குறிப்பாக வடக்கில் இருந்தவர்கள், தங்கள் விபரத்தைத் தமிழில் தட்டச்சுச் செய்து அனுப்பியிருந்தார்கள். எக்செல்லில் திறந்தால் கொட்டாஞ்சேனை என்று இருக்கவேண்டிய இடத்தில் `nfhl;lhQ;Nrid` என்று நின்றது. இலங்கையில் அச்சுவேலை பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. பாமினி எழுத்துருவில் அடித்தது; எழுத்துருவை மாற்றினால் கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். தேடல் கருவிக்குக் கண் இல்லை, அதற்கு இது வெறும் குப்பை. ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பல இருந்தன, மாற்றிவிட்டோம்.

மாற்றிய பிறகும் கொட்டாஞ்சேனை மட்டும் சில வரிகளில் அகப்பட மறுத்தது. இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடைசியில் எழுத்து எண்ணிக்கையைக் கேட்டேன்; ஒன்றில் ஓர் எழுத்து கூட. கொ என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறியாக, அல்லது ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறியாக. திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும்போது வேறு வேறு. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே கொழும்பு, கொட்டகலை, கோப்பாய், தோப்பூர் என்று பாதிப் பட்டியல் ஆபத்தில் இருந்தது. மருந்து ஒரே வரி. ஆனால் அட்டவணையில் சேர்க்கும்போதும், வாடிக்கையாளர் தட்டச்சுச் செய்ததைப் படிக்கும்போதும், இரண்டு இடத்திலும் போடவேண்டும்:

```
name = name.normalize("NFC").trim()
```

பெயர் முடிந்தது என்றால் இடம். டீலர் முகவரிகளைக் கணினிக்குக் கொடுத்து வரைபடப் புள்ளியாக மாற்றும் சேவைகள் இருக்கின்றன. எங்கள் முகவரிகள் அவற்றுக்கு ஏற்றவை அல்ல. ‘மெயின் ஸ்ட்ரீட்’ இல்லாத பட்டினம் இந்த நாட்டில் எது? ‘பஸ் நிலையத்துக்கு முன்னால்’, ‘மக்கள் வங்கிக்கு அருகில்’ என்பவை தபால்காரருக்குப் போதும், சேவைக்குப் போதாது. அது தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் இல்லை. வீதியைப் பிடிக்க முடியாவிட்டால் நகரத்தின் நடுப்புள்ளியைத் தரும், நகரத்தையும் பிடிக்க முடியாவிட்டால் மாவட்டத்தின் நடுப்புள்ளியை. அது ஏதாவது ஒரு குளத்தின் நடுவிலோ காட்டிலோ இருக்கும்.

பிழையான புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு மூன்று சோதனை வைத்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு டீலர்களுக்கு ஐந்தாவது தசமதானம் வரை ஒரே எண் இருந்தால் அது நடுப்புள்ளி. இரண்டு கடை ஒரே கல்லாவில் இருக்கமுடியாது. இரண்டு, இலங்கை வடக்கே சுமார் 5.9 பாகையிலிருந்து 9.9 பாகை வரை, கிழக்கே 79.5-இலிருந்து 81.9 வரை. இதற்கு வெளியே விழுவது எதுவும் பிழை. இந்தச் சோதனையில் அதிகம் அகப்பட்டவை இரண்டு எண்ணும் இடம்மாறியவை. வடக்கு 80, கிழக்கு 7 என்று எழுதினால் டீலர் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே வடதுருவப் பனிக்கடலில் பம்ப் விற்றுக்கொண்டிருப்பார். மூன்றாவது சோதனை மனிதனுடையது. விற்பனைப் பிரதிநிதிகள் எப்படியும் டீலர் கடைகளுக்குப் போகிறவர்கள். கடை வாசலில் நின்று போனில் இருப்பிடத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். சிலர் மதியச் சாப்பாட்டுக் கடையில் இருந்து அனுப்பினார்கள் என்பது வேறு கதை; அதுவும் ஒரே தெருவுக்குள்தான்.

இனித் தூரம். பூமி உருண்டை என்பதால் இரண்டு புள்ளிக்கு இடையிலான தூரத்துக்குச் சைன், கோசைன் எல்லாம் வரும் நீண்ட சூத்திரம் ஒன்றை எல்லாப் பாடப்புத்தகமும் தரும். இலங்கைக்கு அது தேவையில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே வடக்கு-தெற்காக ஒரு பாகை சுமார் 110.6 கிலோமீற்றர், கிழக்கு-மேற்காக ஒரு பாகையும் ஏறத்தாழ அதேதான். தெற்கே கொஞ்சம் கூட, யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் குறைய. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றளவு. எட்டாம் வகுப்புப் பைதகரசே போதும்:

```
dy = (lat2 - lat1) * 110.6
dx = (lon2 - lon1) * 110.4
km = sqrt(dx*dx + dy*dy)
```

கொழும்பில் சோதித்தபோது எல்லாம் சரியாக வந்தது. கொட்டாஞ்சேனை என்று கொடுத்தால் பழைய சோனகத் தெருக் கடை, வெள்ளவத்தை என்றால் காலி வீதிக் கடை. மூலையில் இருந்த இருப்பிடப் பொத்தானை அழுத்திய வெள்ளவத்தைக்காரர் சிலருக்குத் தெஹிவளைக் கடை முதலில் வந்தது. கால்வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கு அதுதான் உண்மை. கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

மலைநாட்டில்தான் கணக்கு உடைந்தது. மஸ்கெலியாவிலிருந்து தோட்டத்துக் கோயில் ஒன்றுக்குப் பம்ப் வேண்டுமென்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த நாட்களில் அட்டனில் டீலர் இல்லை. இருந்தவர் வியாபாரத்தை மாற்றிக்கொண்டு போயிருந்தார். கருவி காட்டிய முதல் பெயர் இரத்தினபுரிக் கடை. அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“என்னாங்க, இரத்தினபுரிக்குப் போகச் சொல்லுது? நான் பாவாடமலை ஏறி அந்தப் பக்கம் இறங்கணுமா?”

பாவாடமலை என்று அவர் சொன்னது சிவனொளிபாத மலையை. வரைபடத்தைப் பார்த்தால் அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. மஸ்கெலியா வடக்கு 6.83, கிழக்கு 80.57. இரத்தினபுரி 6.68, 80.40. மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் சுமார் 25 கிலோமீற்றர். நுவரெலியா 6.96, 80.77, அதுவரை சுமார் 26. நேர்கோட்டில் இரத்தினபுரி வெல்கிறது. ஆனால் அந்த நேர்கோடு சிவனொளிபாத மலைத்தொடரின் மேலாகப் போகிறது. அதில் இருப்பது யாத்திரிகர் ஏறும் படிகள், லொறி போகும் வீதி அல்ல. லொறியில் போவதென்றால் அட்டன் பக்கம் வந்து, கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு இறங்கி, மறுபடி இரத்தினபுரிக்கு ஏறவேண்டும், நூறு கிலோமீற்றருக்கு மேல். நுவரெலியாவுக்கோ அட்டன், தலவாக்கலை வழியாக அதில் பாதித் தூரம்தான்.

கடல்நீரேரிகள் இருக்கும் பக்கமும் இதே கதைதான். யாழ்ப்பாணத்துக்கும் பூநகரிக்கும் இடையில் தண்ணீர். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கும் வரை ஆனையிறவு, பரந்தன் என்று சுற்றித்தான் போகவேண்டும். பாலம் வந்தபின் பூநகரிக்காரருக்கு யாழ்ப்பாணக் கடை உண்மையிலேயே பக்கத்துக் கடை ஆனது. திருகோணமலைப் பக்கம் 2009-இல் திறந்த கிண்ணியாப் பாலமும் அப்படித்தான். ஒரு பாலம் திறந்தால் ‘கிட்டிய டீலர்’ என்ற பதிலே மாறிவிடும் என்றால், நேர்கோட்டை எப்படி நம்புவது?

வாடிக்கையாளர் ஒவ்வொருவர் தேடும்போதும் கூகுளிடம் வீதித் தூரம் கேட்கலாம், அதற்குக் காசு. நாங்கள் வேறு வழியால் போனோம். கேள்வி பெரும்பாலும் ஊர்ப் பெயராகத்தான் வருகிறது, ஊர்களோ எங்கள் அட்டவணையில் இருக்கிற சில நூறுதான். அப்படியென்றால் எல்லா விடையையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் இலங்கைத் துண்டு மட்டும் சிறிய கோப்பு. அதை ஓஎஸ்ஆர்எம் என்ற இலவச மென்பொருளில் ஏற்றினால், எந்த இரண்டு புள்ளிக்கும் இடையிலான வீதிப் பயண நேரத்தை அது சொல்லும். ஒவ்வோர் ஊருக்கும் நேர்கோட்டில் கிட்டிய பத்து டீலர்களைப் பொறுக்கி, அந்தப் பத்துக்கு மட்டும் வீதி நேரத்தைக் கேட்டு, குறைந்த மூன்றை அட்டவணையில் எழுதி வைத்தோம். சாதாரண மடிக்கணினியில் இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். வரைபடம் திருந்தும்போதோ டீலர் மாறும்போதோ மறுபடி ஓட்டினால் போதும். மஸ்கெலியாவுக்கு நுவரெலியா வந்தது.

இதிலும் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. ஓஎஸ்ஆர்எம் நீங்கள் கொடுத்த புள்ளியை அதற்குக் கிட்டிய வீதிக்கு இழுத்து வைத்துக்கொண்டுதான் கணக்குப் பார்க்கும். ஊரின் புள்ளி நீரேரிக்குள் விழுந்திருந்தால் அது மறுகரை வீதிக்கு இழுபட்டுவிடும்; மட்டக்களப்பில் எழுவான்கரை ஊர் படுவான்கரைக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க, நேர்கோட்டுத் தூரத்தைவிட வீதித் தூரம் மூன்று மடங்குக்கு மேல் வருகிற எல்லா வரிகளையும் தனியே எடுத்துக் கண்ணால் பார்த்தேன். ஒன்று மலையாக இருக்கும், அல்லது தண்ணீர், அல்லது புள்ளி பிழை. மஸ்கெலியா-இரத்தினபுரி அந்தப் பட்டியலின் தலைப்பில் நின்றது. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு. வரைபடத்தில் படகுப் பாதையும் குறிக்கப்பட்டிருந்ததால் விடை வந்தது. ஆனால் படகு எப்போது புறப்படும் என்பது அதற்குத் தெரியாது. நெடுந்தீவுக்குப் போகிற பதிலின் கீழே ‘படகு நேரத்தை விசாரிக்கவும்’ என்று கையால் ஒரு வரி சேர்த்தோம்.

டீலர்கள் எதிர்பார்த்தது வேறு. அவர்களுக்கும் கம்பனிக்கும் இடையில் எல்லைப் பேச்சு இருந்தது, இந்தப் பாலத்துக்கு இப்பால் உன்னுடையது, அப்பால் அவனுடையது என்று. வெள்ளவத்தை என்று தேடினால் தெஹிவளைக் கடை இரண்டாவதாகக்கூட வரக்கூடாது என்பது காலி வீதிக் கடைக்காரரின் வாதம். “எங்கட ஏரியாவில அவர் ஏன் தலைகாட்டவேணும்?” என்று காரியாலயத்துக்கே வந்து கேட்டார். எல்லையை அட்டவணையில் போட்டால் களுவாஞ்சிக்குடிச் சிக்கல் மறுபடி வரும். மனேஜர் ஒரு வழி கண்டார்: வரிசையில் கை வைப்பதில்லை, ஆனால் இரண்டு டீலர்களுக்குப் பயண நேரம் ஐந்து நிமிடத்துக்குள் வித்தியாசப்பட்டால், எல்லைப்படி உரியவர் முதலில் வரலாம். கடைக்காரர் முழுக்கச் சம்மதிக்கவில்லை. ஆனாலும் கோபம் கொஞ்ச நாளில் அடங்கியது. வரிசையில் முதலிடத்தைவிடத் தன்னுடைய தொலைபேசி எண் சரியாக இருப்பதே தனக்கு ஆதாயம் என்பதை அவர் சீக்கிரம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன்.

எண்கள்தான் மெய்யான பிரச்சினை. பழைய எண்ணோடு ஒரு கடை பட்டியலில் நிற்பது, கடையே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல். பம்ப் தேடுகிறவர் மூன்று தரம் அடித்துப் பார்த்துவிட்டுக் கம்பனியையே கைவிட்டுவிடுவார். ஆகவே ஒவ்வொரு டீலர் வரியிலும் ‘கடைசியாகச் சரிபார்த்த திகதி’ என்று ஒரு நிரல் சேர்த்தோம். மூன்று மாதம் கடந்த வரிகள் மேசை அக்காவின் திரையில் காலையில் மஞ்சளாக வரும். அவர் கூப்பிட்டு, “ஐயா, இன்னும் எங்கட பம்ப் வைச்சிருக்கிறீங்களோ? எந்த எந்தச் சைஸ் இருக்கு?” என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திகதியைப் புதுப்பிப்பார். ஆறு மாதம் எவரும் சரிபார்க்காத வரி தானாக மறைந்துவிடும். மறைந்தால் டீலரே பதறிக்கொண்டு கூப்பிடுவார், அப்போது சரிபார்ப்பும் முடிந்துவிடும். கருவியைச் செய்து முடித்த பிறகும் அது உயிரோடு இருந்தது இந்த நிரலாலும் அக்காவாலும்தான். என் நிரல்வரிகளால் அல்ல.

கடைசியாகச் சேர்த்த ஒன்று எவரும் கேட்காதது. தேடுகிற ஒவ்வொரு ஊர்ப் பெயரும், அதற்குக் கிடைத்த முதல் டீலர் எவ்வளவு நேரப் பயணம் என்பதும் ஒரு கோப்பில் பதிவாகும். ஆளின் பெயரோ எண்ணோ இல்லை. முதலில் அது பெயர் அட்டவணையைத் திருத்தத்தான். விடை கிடைக்காத பெயர்களைப் பார்த்தால் என்னென்ன விடுபட்டிருக்கிறது என்று தெரியும். ‘வடமராட்சி’, ‘வன்னி’, ‘தீவகம்’ என்று ஊரல்லாத பெரும்பகுதிகளைத் தட்டச்சுச் செய்கிறவர்கள் இருந்தார்கள், அவற்றுக்கும் ஒரு பதில் வைத்தோம். பஸ் தரிப்பிடப் பெயரை எழுதியவர்களைப் பார்த்துச் சிங்களப் பிரதிநிதி, நான் அப்போதே சொன்னேனே என்ற முகத்தோடு சிரித்தார்.

மனேஜர் அந்தக் கோப்பை வேறு கண்ணால் படித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் காட்டிய தேடல்களை மட்டும் அச்சடித்துத் தரச் சொன்னார். மல்லாவியும் துணுக்காயும் திரும்பத் திரும்ப வந்தன. குளத்துத் தண்ணீரும் வயலும் தோட்டமும் உள்ள பக்கம். கிளிநொச்சிக் கடை நேர்கோட்டிலேயே 30 கிலோமீற்றர் அளவு, வவுனியா இன்னும் தூரம். தேடியவர்களில் எத்தனை பேர் மல்லாவியில் இருந்தார்கள், எத்தனை பேர் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு மல்லாவிக்குத் தேடினார்கள் என்று கோப்பு சொல்லாது, சொல்லத் தேவையும் இல்லை. வடக்குப் பிரதிநிதியை ஏ-9 வழியாக மாங்குளத்துக்கு அனுப்பி, அங்கிருந்து மல்லாவிச் சந்தி வரை கடை கடையாகப் பார்த்துவரச் சொன்னார். உரமும் விதையும் விற்கிற ஒருவர் டீலராக வரச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: முதல் லொறி பம்ப் கடனுக்கு வரவேண்டும், காசு அறுவடைக்குப் பிறகு. அது மேல்மாடிக் கணக்குப் பகுதிக்குப் போனது.